இருட்டறையில் எல்சிடி டிவி: லோக்கல் டிம்மிங்கா, பேக்லைட்டா, எதை முதலில் தொடுவது?

அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு படம் போடுகிறீர்கள். இரவுக் காட்சி, திரையில் பாதிக்கு மேல் கறுப்பு. யாரோ பேச, கீழே வெள்ளை எழுத்தில் ஒரு வரி சப்டைட்டில் வருகிறது. வந்த மாத்திரத்தில் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் புகை மாதிரி ஒன்று எழும்புகிறது. வரி மறைந்ததும் புகையும் மறைகிறது. அடுத்த வசனத்துக்கு மறுபடி வருகிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் போச்சு, அதற்குப் பிறகு படத்தை விட்டுவிட்டு அந்தப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

இதைத்தான் ப்ளூமிங் என்கிறார்கள். இதைக் கண்டவுடன் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ரிமோட்டை எடுத்து, மெனுவுக்குள் போய், லோக்கல் டிம்மிங்கை ஆஃப், லோ, மீடியம், ஹை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பது. நானும் இரண்டு வாரம் அப்படித்தான் செய்தேன். ஹையில் வைத்தால் புகை துள்ளுகிறது, ஆஃபில் வைத்தால் திரை முழுக்க வெளிறுகிறது, நடுவில் வைத்தால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். கடைசியில்தான் புரிந்தது, நான் தொடவேண்டியது அதுவே இல்லை. இருட்டறையில் சாதாரணப் படம் பார்க்கிறவர் முதலில் இறக்கவேண்டியது பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை. டிம்மிங்கை எந்த நிலையில் வைப்பது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் படங்களுக்கு மட்டும் கதை தலைகீழ், அதைப் பின்னால் சொல்கிறேன்.

புகை எங்கிருந்து வருகிறது

எல்சிடி பேனல் தானாக ஒளிராது. பின்னால் எல்இடி விளக்குகள் எரிகின்றன. முன்னால் இருக்கும் திரவப் படிகம் ஒவ்வொரு பிக்சலிலும் அந்த ஒளியை விடுகிறது அல்லது மறைக்கிறது. மறைப்பது என்றால் முழுசாக மறைப்பது இல்லை. மூடிய ஜன்னலின் இடுக்கில் வெளிச்சம் கசிகிற மாதிரி, கறுப்பு பிக்சலிலும் கொஞ்சம் ஒளி வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். எவ்வளவு கசிகிறது என்பதைச் சொல்வதுதான் பேனலின் சொந்த கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளை கறுப்பைப் போல எத்தனை மடங்கு வெளிச்சம் என்ற கணக்கு. ஐபிஎஸ் வகைப் பேனலில் அது ஏறத்தாழ 1000:1. விஏ வகையில் 3000:1 முதல் 6000:1 வரை.

கசிவை அடக்க ஒரே வழி, கறுப்பான இடத்துக்குப் பின்னால் இருக்கும் விளக்கையே குறைப்பது. அதுதான் லோக்கல் டிம்மிங். பின்னால் இருக்கும் விளக்குகளைப் பல ஸோன்களாகப் பிரித்து, ஒவ்வொரு ஸோனையும் தனியாக ஏற்றி இறக்குகிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஸோன்களின் எண்ணிக்கை பிக்சல்களுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 55 அங்குல 4கே டிவி, பின்னால் குறுக்கில் 30, நெடுக்கில் 17 என்று மொத்தம் 510 ஸோன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திரையின் அகலம் சுமார் 122 செ.மீ., உயரம் 68.5 செ.மீ. ஒரு ஸோன் என்பது கிட்டத்தட்ட 4 செ.மீ. சதுரம். அந்தச் சதுரத்துக்குள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். அதில் ஒரே ஒரு எழுத்தின் கால்பகுதி விழுந்தாலும் போதும், மொத்தச் சதுரத்துக்கும் விளக்கு எரிந்தாக வேண்டும். அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு சப்டைட்டில் வரி வந்தால் குறைந்தது பதிமூன்று சதுரம் எரிகிறது. எழுத்து இரண்டு வரிசை ஸோன்களுக்கு நடுவே விழுந்தால் அதுவே இருபத்தாறு. எழுத்து இல்லாத இடமெல்லாம் கசிவு. நாம் பார்த்த புகை அதுதான்.

படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையிலும் இதே கதையைப் பார்க்கலாம். 2.39:1 அகலப் படத்தில் ஒவ்வொரு பட்டையும் சுமார் 277 பிக்சல் உயரம். நம் டிவியில் ஒரு ஸோனின் உயரம் 127 பிக்சல். அதாவது பட்டைக்குள் இரண்டு வரிசை முழுசாக அடங்குகிறது, மூன்றாவது வரிசை எல்லையில் மாட்டிக்கொள்கிறது. அந்த மூன்றாவது வரிசை படத்துக்காக எரியும்போது, பட்டையின் ஓரத்தில் முக்கால் செ.மீ. அளவுக்கு ஒரு கோடு வெளிறித் தெரியும். பக்கத்து ஸோனின் ஒளி பரவுவதும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் அகலமாகவே தெரியும். டிவி பழுது என்று நினைத்து மாற்றக் கேட்பவர்கள் உண்டு. பழுது இல்லை, ஸோன் கணக்கு படத்தின் எல்லையோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

பேக்லைட் ஏன் முதலில்

கசிவு என்பது ஒரு விகிதம். விளக்கு எவ்வளவு எரிகிறதோ அதில் ஒரு பங்குதான் கசியும். அப்படியானால் விளக்கை இறக்கினால் புகையும் அதே அளவுக்கு இறங்கவேண்டும். இறங்குகிறது.

இருட்டான அறையில் சாதாரண எஸ்டிஆர் படத்துக்கு ஸ்டுடியோக்களில் வைத்துக்கொள்ளும் வெள்ளை அளவு 100 நிட். நிட் என்பது திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு. வாங்கிய டிவி பெட்டியிலிருந்து வெளியே வரும்போது அதைவிடப் பல மடங்கு வெளிச்சத்தில் இருக்கும், ஏனென்றால் அது பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதற்கான அமைப்பு. 4000:1 கான்ட்ராஸ்ட் உள்ள விஏ பேனலில் வெள்ளை 300 நிட்டில் இருந்தால் எரியும் ஸோனின் கறுப்பு 0.075 நிட். அதையே 100 நிட்டுக்கு இறக்கினால் 0.025. புகை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, டிம்மிங்கை இன்னும் தொடவே இல்லை. இதையே 1000:1 உள்ள ஐபிஎஸ் பேனலுக்குப் போட்டுப் பாருங்கள். 100 நிட்டுக்கு இறக்கிய பிறகும் கறுப்பு 0.1 நிட். விஏ பேனல் 300 நிட்டில் எரியும்போது இருந்ததைவிட அதிகம்! இருட்டில் படம் பார்ப்பதற்காகவே டிவி வாங்குகிறவர் ஸோன் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன்பு பேனல் எது என்று கேட்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

100 நிட் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அளவுமானி வேண்டியதில்லை, மேனுவல் வசதி உள்ள ஒரு கேமரா போதும். டிம்மிங்கை ஆஃப் செய்துவிட்டு, திரை முழுக்க வெள்ளைப் படம் ஒன்றைப் போடுங்கள். கேமராவில் ISO 100, f/4 வைத்து, ஸ்பாட் மீட்டரை வெள்ளையின் நடுவில் காட்டுங்கள். மீட்டர் 1/50 நொடி கேட்டால் வெள்ளை ஏறத்தாழ 100 நிட். 1/200 கேட்டால் 400 நிட். 1/50 வரும்வரை பேக்லைட்டை இறக்கிக்கொண்டே வாருங்கள். கேமராவுக்குக் கேமரா கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். நமக்கு வேண்டியது 100-க்கும் 300-க்கும் உள்ள வித்தியாசம், 100-க்கும் 110-க்கும் உள்ளது அல்ல.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. சில டிவிகளில் பின்விளக்கைக் கட்டுப்படுத்தும் இடத்துக்கு பேக்லைட் என்று பெயர், சிலவற்றில் பிரைட்னஸ். வேறு சில டிவிகளில் பிரைட்னஸ் என்பது பின்விளக்கே இல்லை, கறுப்பின் மட்டத்தை ஏற்றி இறக்குவது. தெரியாமல் இந்த இரண்டாவதை இறக்கினால் இருண்ட காட்சியில் ஆளின் சட்டை மடிப்பு, தலைமுடி எல்லாம் ஒரே கறுப்பாக அடைபட்டுப்போகும். எது எது என்று கண்டுபிடிக்க, ஒரு வெள்ளைப் படத்தைப் போட்டு அந்த அமைப்பை அடிமட்டம் வரை இறக்கிப் பாருங்கள். வெள்ளை நன்றாக மங்கினால் அது பின்விளக்கு. வெள்ளை ஏறத்தாழ அப்படியே இருந்தால் மற்றது, அதைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஆஃப், லோ, ஹை

பேக்லைட் இறங்கிவிட்டது. இப்போது டிம்மிங்.

ஆஃபில் வைத்தால் எதுவும் துள்ளாது, எந்த ஒளிவட்டமும் வந்து போகாது, இருண்ட இடங்களின் நுணுக்கமும் கெடாது. ஆனால் கறுப்புப் பட்டைகள் அடர்ந்த சாம்பலாகத் தெரியும். பேனலின் மூலைகளில் திட்டுத்திட்டாக வெளிச்சம் இருந்தால் அதுவும் அப்பட்டமாகத் தெரியும். ஆனாலும் ஆஃபைக் குறைவாக எடைபோடாதீர்கள். மாறாமல் இருக்கும் மெல்லிய சாம்பலைக் கண் பத்து நிமிடத்தில் மறந்துவிடும்; வந்து வந்து போகும் புகையை மறக்காது. விளிம்பில் மட்டும் விளக்கு வைத்த டிவி என்றால் இந்த ஆஃப்தான் என் தேர்வு, யோசிக்கவே வேண்டாம். அதில் ஸோன் என்பது சதுரம் இல்லை, பெரும்பாலும் கீழ்விளிம்பிலிருந்து மேல்விளிம்பு வரை போகும் ஒரு பட்டை. ஒரு மெழுகுவர்த்தி எரிந்தால் அதன் மேலும் கீழும் ஒரு தூண் மாதிரி வெளிச்சம் நிற்கும்.

ஹையில் வைத்தால் இருண்ட ஸோன்கள் கிட்டத்தட்ட அணைந்தே போகின்றன. கறுப்பு உண்மையிலேயே கறுப்பாகிறது. அதற்குக் கொடுக்கும் விலை இரண்டு. ஒன்று, அணைந்த ஸோனுக்குப் பக்கத்தில் எரியும் ஸோனின் எல்லை கூர்மையாகத் தெரியும். புகையின் அளவு அதேதான், பின்னணி கறுத்துப்போனதால் எடுப்பாகத் தெரிகிறது. இரண்டாவது, சின்னச் சின்ன வெளிச்சங்கள் மங்குவது. ஒரு ஸோனில் பதினாறாயிரம் பிக்சல் கறுப்பு, இருபது பிக்சல் நட்சத்திரம் என்றால், டிவி பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்து விளக்கைக் குறைத்துவிடும். வானத்தில் பாதி நட்சத்திரம் காணாமல் போய்விடும். சில டிவிகள் ஹையில் வைத்தால் வெளிச்சமான ஸோன்களைக் கூடுதலாக வேறு ஏற்றிவிடும். கேமராவை வைத்து இறக்கிய 100 நிட் அங்கே பொய்யாகிவிடும்.

லோ, மீடியம் இரண்டும் இடைப்பட்டவை. இருண்ட ஸோன் முழுசாக அணைவதில்லை, எரியும் ஸோனின் அக்கம்பக்கமும் மெல்ல எரிந்து, ஒளிவட்டத்தின் ஓரம் மழுங்கிப்போகிறது. பேக்லைட்டை 100 நிட்டுக்கு இறக்கிய விஏ டிவியில், சில நூறு ஸோன்கள் இருந்தால், எஸ்டிஆர் படத்துக்கு நான் சொல்வது மீடியம். சில பத்து ஸோன்கள்தான் என்றால் லோ. ஐபிஎஸ் பேனலும் குறைந்த ஸோன்களும் சேர்ந்த டிவிக்கு லோ அல்லது ஆஃப், கூடவே பின்சுவரில் ஒரு விளக்கு.

ஒரு டிவியில் மீடியம் என்பது இன்னொன்றில் ஹை மாதிரி நடந்துகொள்ளும். அதனால் பெயரை நம்பாமல் சோதித்துப் பார்ப்பதே மேல். ஒரு லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக டிவியில் செருகி, கறுப்பு வால்பேப்பர் வைத்து, டாஸ்க்பாரை மறைத்துவிடுங்கள். அறையை இருட்டாக்கி, மவுஸின் வெள்ளை அம்புக்குறியை மெல்ல நகர்த்துங்கள். ஒளிவட்டம் வழுக்கிக்கொண்டு போகிறதா, சதுரம் சதுரமாகத் தாவுகிறதா என்று தெரியும். வேகமாக நகர்த்தினால் வட்டம் பின்தங்கி வருகிறதா என்பதும் தெரியும். ஆஃபில் பளிச்சென்று இருந்த அம்புக்குறி ஹையில் சாம்பலாகிவிட்டால், நட்சத்திரம் காணாமல் போவதை நேரில் பார்த்துவிட்டீர்கள். தாவல் தெரியாத, அம்புக்குறியும் மங்காத நிலை எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையில் ஒரு பொறி. அம்புக்குறியை எங்கே வைத்தாலும் திரை முழுக்கச் சாம்பலாகவே இருந்து, டிம்மிங்கை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், ஸோன்கள் அணைய மறுக்கின்றன என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் சிக்னல். வீடியோவில் கறுப்பு என்பது 16, வெள்ளை 235. லேப்டாப் அந்தக் குறுகிய கணக்கில் அனுப்ப, டிவி 0 முதல் 255 வரை உள்ள முழுக் கணக்கை எதிர்பார்த்தால், 16 என்பது டிவிக்குக் கறுப்பே இல்லை. அங்கே ஏதோ படம் இருக்கிறது என்று நினைத்து விளக்கை எரிய விடும். இரண்டு பக்கமும் ஒரே கணக்கை வைத்தால் கறுப்பு கறுப்பாகும். எனக்கு நடந்ததும் இதுதான். இரண்டு வாரத்தில் நான்கு நாள் இதில் போனது.

இன்னொன்று, எல்லா ஒளிவட்டமும் டிவியின் குற்றமாக இருக்கவேண்டியதில்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குள்ளேயே ஒளி சிதறும், தெருவிளக்கைச் சுற்றித் தெரிகிற மாதிரி. சோதிக்க, கட்டைவிரலை நீட்டி வெளிச்சமான பொருளை மட்டும் மறையுங்கள். வட்டமும் சேர்ந்து மறைந்தால் அது கண்ணில் இருப்பது, எந்த டிவியிலும் வரும். விரலைச் சுற்றி வட்டம் அப்படியே நின்றால் டிவியுடையது. நேர் எதிரே உட்கார்ந்து பாருங்கள், ஏனென்றால் விஏ பேனலில் பக்கவாட்டில் போகப்போகக் கசிவு கூடும். மொபைலில் படம் எடுத்துத் தீர்மானிக்கவே கூடாது. இருட்டில் அது எக்ஸ்போஷரை ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத புகையைக்கூடப் பெரிய மேகமாகக் காட்டும்.

எச்டிஆர் என்றால்

மேலே சொன்ன முதல் விதி இங்கே செல்லாது. எஸ்டிஆரில் சிக்னல் சொல்வது ஒரு விகிதம்தான், வெள்ளை எத்தனை நிட் என்பதை நாம் வைத்துக்கொள்ளலாம். எச்டிஆர்10 மாதிரியான முறைகளில் சிக்னலே நேரடியாக இத்தனை நிட் என்று சொல்கிறது. அதனால்தான் எச்டிஆர் படம் ஆரம்பித்ததும் பெரும்பாலான டிவிகள் பேக்லைட்டைத் தாமாகவே உச்சத்துக்கு ஏற்றிவிடுகின்றன. அதைப் பாதியாக இறக்கினால் படத்தின் நிழல் பகுதிகளும் பாதியாகிவிடும். ஏற்கெனவே இருண்ட காட்சி பார்க்கவே முடியாமல் போகும்.

ஆஃபில் வைப்பதும் இங்கே முடியாத காரியம். 1000 நிட் வரை எட்டும் பின்விளக்கு முழுசாக எரிந்தால், 4000:1 பேனலில் கறுப்பு 0.25 நிட். எஸ்டிஆரில் 100 நிட்டுக்கு இறக்கி ஆஃபில் வைத்திருந்தபோது இருந்ததைப் போலப் பத்து மடங்கு, அதுவும் திரை முழுக்க. ஆகவே எச்டிஆருக்குப் பேக்லைட் உச்சத்தில், டிம்மிங் ஹையில். நட்சத்திரங்கள் ரொம்ப மங்கினால் மட்டும் மீடியம். விளிம்பு விளக்கு டிவி என்றால், இருட்டறையில் அந்தப் படத்தின் எஸ்டிஆர் வடிவம் கிடைத்தால் அதைப் பார்ப்பதே மேல் என்பேன். எச்டிஆர் என்று எழுதியிருப்பதற்காகத் தூண் தூணாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

சப்டைட்டில் புகைக்கு எச்டிஆரில் ஒரு சுலப வைத்தியம் இருக்கிறது. பல ப்ளேயர்களிலும் ஆப்களிலும் எழுத்தின் நிறத்தை மாற்றலாம். வெள்ளையை விட்டு நடுத்தரச் சாம்பலுக்கு மாற்றுங்கள். அந்த ஸோன் எழுத்துக்குத் தேவையான அளவு மட்டும் எரிந்தால் போதும் என்பதால், எழுத்து மங்கும் அளவுக்குப் புகையும் மங்கும். இருட்டறையில் சாம்பல் எழுத்தைப் படிப்பதில் எந்தக் கஷ்டமும் இல்லை. எச்டிஆர் வெள்ளை எழுத்துதான் உண்மையில் கண்ணைக் குத்தும்.

இதற்கும் மேல் மிச்சம் இருக்கும் புகைக்குப் பின்சுவர் விளக்கு. டிவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, 6500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்று. சுவரில் விழும் வெளிச்சம் திரையின் வெள்ளையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 100 நிட் திரைக்கு 10 நிட். டிவியின் கசிவு இதனால் ஒரு துளியும் குறையாது. மாறுவது கண்தான்: முழு இருட்டுக்குப் பழகாததால் 0.025 நிட் சாம்பலைக் கறுப்பு என்றே எடுத்துக்கொள்ளும். விளக்கு நம் முகத்திலோ திரையிலோ அடிக்கக்கூடாது. சுவர் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கவேண்டும். பச்சைச் சுவரில் இதைச் செய்தால் படத்தின் தோல் நிறமெல்லாம் சிவந்து தெரியும்.

என் டிவி விஏ பேனல், சில நூறு ஸோன். இப்போது எஸ்டிஆருக்கு 100 நிட், மீடியம்; எச்டிஆருக்கு ஹை, சாம்பல் சப்டைட்டில்; இரண்டுக்கும் பின்னால் ஒரே விளக்கு. வெளிச்சத்தைப் பார்த்துத் தானாக ஏற்றி இறக்கும் சென்சாரையும் மின்சாரச் சேமிப்பையும் அணைத்துவைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் இவ்வளவு அளந்து வைத்ததை அவை இரவோடு இரவாக மாற்றிவிடும். கேம் மோடில் மட்டும் இந்த அமைப்பு ஒத்துவரவில்லை. அங்கே தாமதத்தைக் குறைக்க டிவி டிம்மிங் கணக்கையே சுருக்கிவிடுகிறது, வட்டம் தாவுகிறது. அதற்கு லோ வைத்துத் தனியாகச் சேமித்துவிட்டேன்.